20-ஆம் தேதி வராத தலைவலி 21-ஆம் தேதி ஏன் வருகிறது?

எங்கள் அலுவலகத்தில் மாதம் பிறந்தால் மூன்று தேதிகள்தான் முக்கியம். 11, 20, சில மாதங்களில் 22. சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிற இடம் அது. 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஏற்ற வேண்டும். 20-ஆம் தேதிக்குள் வரி கட்டி 3பி படிவத்தைத் தாக்கல் செய்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கிறவர்களுக்குப் புதுச்சேரியில் கடைசி நாள் 22. தேதி தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம் ஏறும், வட்டியும் சேரும்.

அதனால் 15-ஆம் தேதி தாண்டியதும் எல்லோருக்கும் வேகம் பிடித்துவிடும். ஒருவர் பில்களைப் பைக்குள் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்து தருவார். இன்னொருவர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் மங்கலாகப் படம் எடுத்து அனுப்புவார். வாங்கிய சரக்குக்கான வரி வரவு 2பி அறிக்கையில் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் விற்றவருக்குப் போன் போட வேண்டும். அந்த நாட்களில் தூக்கம் குறைவு, சாப்பாடு நேரத்துக்கு இல்லை, கண் முழுக்கத் திரைதான். நியாயமாகப் பார்த்தால் எனக்கு ஒற்றைத் தலைவலி அப்போதுதான் வர வேண்டும். ஆனால் வராது. 20-ஆம் தேதி இரவு கடைசி ஒப்புகை வந்து, கணினியை மூடி, மரப்பாலம் வழியாகத் தேங்காய்த்திட்டு வந்து சேரும்வரை தலை தெளிவாகவே இருக்கும். மறுநாள் காலை, எழுந்திருக்க அவசரமே இல்லாத காலையில், வலது புருவத்துக்கு மேலே பிடித்துக்கொள்ளும்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அந்த வலியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் ஒரு பக்கமாக, நாடி துடிக்கிற மாதிரி துடிக்கும். குனிந்தால், மாடிப்படி ஏறினால் கூடும். ஜன்னல் வெளிச்சம் குத்தும், மிக்ஸி சத்தம் தாங்காது, குமட்டும். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கும் என்று மருத்துவ வரையறையே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கினால் திங்கள், செவ்வாய்வரை போகலாம்.

வேலை நெருக்கடி தீர்ந்து உடம்பு தளரும் நேரத்தில் வருகிற இந்த வகையை ஆங்கிலத்தில் லெட்-டவுன் தலைவலி என்கிறார்கள். வார இறுதித் தலைவலி, விடுமுறைத் தலைவலி என்றும் பெயர் உண்டு. இந்தப் பெயர்களால் ஞாயிற்றுக்கிழமை மேல் பழி விழுந்துவிடுகிறது. "ஞாயித்துக்கிழமைன்னா உனக்குத் தலைவலிதான், வெயில்ல சுத்தாதே, மீன் குழம்பு சாப்பிடாதே" என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிழமையைப் பார்க்காமல் தேதியைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது.

சமையலறையில் தொங்குகிற தினசரி நாட்காட்டியில் தலைவலி வந்த நாளில் ஒரு வட்டம் போடத் தொடங்கினேன். வட்டத்துக்குள் தொடங்கிய மணி. கீழே முந்தைய நாள் எப்படிப் போனது என்று ஓரிரு சொல். சில மாதங்களில் வட்டங்கள் 21-ஐச் சுற்றியே விழுந்தன. 21 புதன்கிழமையாக இருந்தாலும் வந்தது. காலாண்டுக் கணக்கு முடிகிற மாதங்களில் வட்டம் 23-க்கு நகர்ந்தது. ஞாயிறு காரணமாக இருந்தால் அது இப்படித் தேதியோடு நகர்ந்திருக்காது. நெருக்கடி முடிகிற புள்ளிதான் நகர்ந்தது, தலைவலி அதன் பின்னாலேயே போனது.

எங்கள் எதிர்வீட்டு அண்ணன் இதை வேறு விதமாகச் சொன்னார். அவர் விசைப்படகில் போகிறவர். இங்கே துறைமுகத்திலிருந்து கிளம்பினால் திரும்பிவரச் சில நாட்கள் ஆகும். "கடல்ல இருக்கறப்ப ஒண்ணும் இல்லம்மா. வலை, இன்ஜின், ஐஸுன்னு ஓடிக்கிட்டே இருக்கும், தூக்கமே கிடையாது. கரைக்கு வந்து, ஏலம் முடிஞ்சு, பங்கு பிரிச்சு, வீட்டுல வந்து காலை நீட்டுனாதான் மண்டையைப் பொளக்குது" என்றார். அவர் கரையேறுகிற நாள் எந்தக் கிழமையாகவும் இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆரம்பத்துல ரெண்டு நாள் படுத்தும். அப்புறம் ஒண்ணும் கிடையாது" என்றார். ஓய்வு என்பது வலியைக் கொண்டுவருவதில்லை. ஓட்டத்திலிருந்து ஓய்வுக்கு இறங்குகிற அந்த இடம்தான் கொண்டுவருகிறது.

இதை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2014-இல் நியூராலஜி இதழில் வந்தது. நியூயார்க்கில் உள்ள மான்டிஃபியோர் தலைவலி மையத்தில் ரிச்சர்ட் லிப்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்தது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் கையில் ஒரு மின்னணு நாட்குறிப்பைக் கொடுத்து, மூன்று மாதம் தினமும் மன அழுத்தம் எவ்வளவு, தலைவலி வந்ததா என்று பதியச் சொன்னார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 17 பேர்தான். ஆனால் அவர்கள் எழுதிய பதிவுகள் 2000-க்கு மேல். அழுத்தம் அதிகமாக இருந்த நாளுக்கும் தலைவலிக்கும் பொதுவாகத் தொடர்பு காணவில்லை. ஒரு மாலைக்கும் மறுமாலைக்கும் இடையில் அழுத்தம் இறங்கியிருந்தால், அதை அடுத்த 6, 12, 18 மணி நேரங்களில் தலைவலி தொடங்கும் வாய்ப்பு கூடியிருந்தது. முதல் 6 மணி நேரத்தில்தான் மிக அதிகம். 17 பேரை வைத்துச் செய்த ஆய்வை எல்லோருக்கும் பொருத்திச் சொல்ல முடியாது. என்றாலும் ஒருவரை அவரோடே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. என் நாட்காட்டி சொன்னதும் அதுதானே.

ஏன் இறங்கும்போது வருகிறது? நெருக்கடியில் உடம்பு கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவற்றுக்கு அழற்சியையும் வலியையும் அடக்கிவைக்கும் குணம் உண்டு. நெருக்கடி தீர்ந்து அந்த அளவு இறங்கும்போது அந்தக் காப்பும் விலகுகிறது என்பது மருத்துவர்கள் முன்வைக்கிற விளக்கம். இது இன்னும் முழுதாக நிரூபிக்கப்பட்ட கணக்கு அல்ல. இன்னொரு பக்கத்திலிருந்து வந்த தகவலும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஜெர்மனியில் ஷுல்ட்டே, மே என்ற இரு ஆய்வாளர்கள் ஒற்றைத் தலைவலி உள்ள ஒருவரின் மூளையை 30 நாட்கள் தினமும் படமெடுத்து, 2016-இல் வெளியிட்டார்கள். வலி தொடங்குவதற்கு முந்தைய ஒரு நாளிலேயே ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் செயல்பாடு மாறியிருந்தது. தூக்கம், பசி, தாகம், அழுத்தத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை எல்லாவற்றையும் நடத்துகிற பகுதி அது. அதாவது, வலி மறுநாள் காலை தொடங்கினாலும் தாக்குதல் முந்தைய நாளே கிளம்பிவிடுகிறது.

இதை உடம்பிலேயே பார்க்கலாம். எனக்கு 20-ஆம் தேதி சாயங்காலம் காரணமில்லாமல் கொட்டாவி வரும். தூக்கக் கொட்டாவி அல்ல, அடுத்தடுத்து வருவது. பின்கழுத்து இறுகும். இனிப்பு வேண்டும் என்று தோன்றும். சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று கோபம் வரும். இவையெல்லாம் தாக்குதலின் முதல் கட்டம். சிலருக்கு வலிக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கும். இதில் ஒரு குழப்பமும் நடக்கிறது. இனிப்பு சாப்பிட்டேன், மறுநாள் தலைவலி வந்தது, ஆகவே இனிப்புதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தலைவலி கிளம்பிவிட்டதால் இனிப்பு கேட்டிருக்கலாம். நம் வீடுகளில் தலைவலிக்காரர்களுக்கு விலக்கி வைத்திருக்கிற பண்டங்களில் பல இப்படி வீணாகப் பழி சுமப்பவை என்று நினைக்கிறேன்.

ஆனால் அழுத்தம் ஒன்றுதான் இறங்குகிறதா? விடுமுறை நாளில் நம் வீட்டில் எத்தனை விஷயங்கள் ஒரே காலையில் மாறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒற்றைத் தலைவலி உள்ள மூளைக்கு மாற்றமே பிடிக்காது. நல்ல மாற்றமா கெட்ட மாற்றமா என்று அது பார்ப்பதில்லை.

முதலில் காபி. வேலை நாளில் காலை 6 மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, 11 மணிக்கு அலுவலகத்தில் ஒன்று, மாலை 5 மணிக்குக் கடைத் தேநீர், நெருக்கடி நாட்களில் இரவு 8 மணிக்கு இன்னொரு காபி. கடைசியாகக் குடித்தது இரவு 8. மறுநாள் வழக்கம்போல் 6 மணிக்கு எழுந்தால் இடைவெளி 10 மணி நேரம். விடுமுறை என்று 9 மணிக்கு எழுந்து, பல் துலக்கி, செய்தித்தாள் புரட்டி 10 மணிக்குக் குடித்தால் 14 மணி நேரம். காஃபின் நின்றால் வருகிற தலைவலி பெரும்பாலும் கடைசிக் காபியிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்குகிறது. 10 மணி நேரம் அந்த வாசலுக்கு வெளியே இருக்கிறது, 14 உள்ளே வந்துவிடுகிறது. தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் எடுத்துப் பழகியவர்களுக்கு இது வரும் என்பது சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் உள்ள அளவு. அதைவிடக் குறைவாகக் குடிப்பவர்களுக்கும் வருவதுண்டு. திடமாகப் போட்ட காபி இரண்டு மூன்று டம்ளர் போனாலே அந்த அளவை நெருங்கிவிடும். சிக்கரியில் காஃபின் கிடையாது, அதனால் சிக்கரி அதிகம் கலந்த தூளில் கணக்கு குறையும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. காஃபின் குறைவால் வந்த வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் மந்தமாக இருக்கும், ஒரு காபி குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் விலகும். 1992-லேயே ஐரோப்பாவில் ஓர் ஆய்வு, வார இறுதியில் மட்டும் தாக்குதல் வருகிறவர்களிடம் அன்றாடக் காஃபின் அதிகமாகவும், விடுமுறையில் எழுவது தாமதமாகவும் இருப்பதைக் காட்டியது. இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல்.

அடுத்தது சாப்பாடு. முந்தைய இரவு 8 மணிக்கு ஏதோ கொறித்துவிட்டு, ஞாயிறு காலை "நேரா மதியம் சாப்பிட்டுக்கலாம்" என்று விட்டால், துறைமுகத்திலிருந்து மீன் வாங்கிவந்து, அரிந்து, குழம்பு கொதித்து இறங்க ஒன்றரை இரண்டு மணி ஆகிவிடும். ஏறக்குறைய பதினெட்டு மணி நேரப் பட்டினி. 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே தலைவலி வரலாம் என்பது மருத்துவ வரையறையில் உள்ளது. மீன் குழம்பின் மேல் குற்றமில்லை, அது வந்த நேரத்தின் மேல்தான்.

சனிக்கிழமை ராத்திரி குடிக்கிறவர்களும் உண்டு. புதுச்சேரியில் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மது பலருக்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டும், உடம்பின் நீரையும் தூக்கத்தையும் கெடுக்கும். அழுத்தம் இறங்குகிற இரவில் அதையும் சேர்த்தால் தாக்குதலுக்குக் கதவைத் திறந்துவைத்த மாதிரிதான்.

பிறகு எண்ணெய்க் குளியல். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பட்டியல்களில் இது பெரும்பாலும் இருக்காது. மும்பையில் தலைவலி மருத்துவத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வருகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் செஃபலால்ஜியா இதழில் எழுதினார். தலைக்குக் குளிப்பது மட்டுமே காரணமாக இருந்தவர்கள் அதில் சிலர்தான். மற்றவர்களுக்கு வேறு தூண்டுதல்களும் இருந்தன, பலருக்கு அவற்றோடு சேர்ந்தால்தான் தாக்குதல் வந்தது. நீளமான கூந்தல், ஈரம் காயாமல் கட்டிக்கொள்வது, விடுமுறை நாளில்தான் அதற்கு நேரம் கிடைப்பது என்று நம் பெண்களின் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தால் புரியும். எனக்குத் தலைக்குக் குளித்தால் மட்டும் வலி வருவதில்லை. 21-ஆம் தேதி குளித்தால் வரும்.

என் அனுபவத்தில் வேலை செய்த யோசனை இதுதான்: இறக்கத்தை நிறுத்த முடியாது, அதைச் செங்குத்தாக விடாமல் சரிவாக்கலாம். கூடவே, அழுத்தம் இறங்குகிற அந்த 24 மணி நேரத்தில் வேறு எதையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். லிப்டன் குழுவில் இருந்த உளவியலாளர் டான் பியூஸும் ஆய்வு வெளிவந்தபோது இதையொட்டித்தான் சொன்னார்: எல்லாம் முடிந்தபிறகு தளர்ந்துகொள்ளலாம் என்று காத்திருக்காமல், அழுத்தம் ஏறும்போதே அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஏறும்போதே இறக்குவது என்றால் என்ன? 15-ஆம் தேதியிலிருந்து தினமும் மாலை 4 மணிக்குப் பத்து நிமிடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன். போனை மேசையிலேயே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போவேன். முதலில் தோள்களைக் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட வேண்டும். அடுத்து இரண்டு கை முஷ்டி, அதே மாதிரி. பிறகு தாடை, நெற்றி. ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்ட பிறகு அது தளர்ந்து கிடப்பதைச் சற்றுநேரம் கவனிக்க வேண்டும். கடைசியாக நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது, சில நிமிடங்கள். முதல் சில நாட்கள் எதுவும் தெரியாது. தாடை எவ்வளவு நேரமாக இறுகிக் கிடந்தது என்பது தளர்த்தும்போதுதான் தெரியும். தசைத் தளர்வுப் பயிற்சி ஒற்றைத் தலைவலித் தடுப்பில் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட வழிகளில் ஒன்று, ஆனால் வலி வந்த அன்று செய்தால் பலன் குறைவு. வாரக்கணக்கில் பழகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, 20-ஆம் தேதி இரவு. முன்பெல்லாம் வேலை முடிந்த வேகத்தில் சாப்பிடாமலேயே படுத்துவிடுவேன், அல்லது இரண்டு மணிவரை படம் பார்ப்பேன். இப்போது அந்த இரவு மற்ற இரவுகளைப் போலவே இருக்க வேண்டும் என்பது வீட்டில் சட்டம். சாப்பாடு எட்டரைக்கு, இரண்டு தோசையாவது. ஒரு சொம்பு தண்ணீர். வழக்கமான நேரத்துக்குப் படுக்கை. இரவு 8 மணிக் காபியை நெருக்கடி நாட்களிலும் நிறுத்திவிட்டேன். ஒரேயடியாக அல்ல, சில நாட்கள் அரை டம்ளர், பிறகு கால் டம்ளர் என்று குறைத்து. காஃபினைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே தலைவலி. மாலை 5 மணிக்குக் கடைசித் தேநீர், காலை 6 மணிக்கு முதல் காபி என்றால் வேலை நாள், விடுமுறை நாள் இரண்டிலும் இடைவெளி ஒன்றுதான். உடம்பு அந்த 13 மணி நேரத்துக்குப் பழகிவிட்டது.

மூன்றாவது, 21-ஆம் தேதி காலை. அலாரம் அதே 6 மணிக்கு அடிக்கும். அதை அணைத்துவிடச் சொல்லி உடம்பு கெஞ்சும் காலை அது. அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம், அதற்கு மேல் கூடாது. தூக்கக் கடன் இருந்தால் மதியம் அரை மணி நேரம் கண்ணயர்ந்து அடைக்கலாம், அல்லது அன்று இரவு சீக்கிரம் படுக்கலாம். எழுந்ததும் காபி, எட்டரைக்குள் இட்லி. வெயில் ஏறுவதற்கு முன் துறைமுகச் சாலையில் முகத்துவாரப் பக்கம் ஒரு நடை, அலையாத்திச் செடிகள் இருக்கிற ஓரமாக. வேகமாக நடக்க வேண்டியதில்லை. தலைக்குக் குளிப்பதை வேறு நாளுக்கு மாற்றிவிட்டேன்.

நான்காவதைச் சொன்னபோது என் அக்காவே ஏற்கவில்லை. "லீவு நாள்லயும் வேலையா? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். 21-ஆம் தேதிக்கென்று ஒரு சின்ன வேலையை வேண்டுமென்றே மிச்சம் வைக்கிறேன். தாக்கல் செய்த படிவங்களை வாடிக்கையாளர் பெயர் வாரியாகக் கோப்பில் அடுக்குவது, அவ்வளவுதான். தவறினால் நட்டமில்லை, யோசிக்கவும் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முழு ஓட்டத்திலிருந்து சும்மா இருப்பதற்கு ஒரே தாவலாகப் போகாமல் நடுவில் ஒரு படி கிடைக்கிறது. இதற்கென்று தனி ஆய்வு எதையும் காட்டி நான் வாதாடமாட்டேன். எனக்கு இது பயன்பட்டது. எதிர்வீட்டு அண்ணனும் ஏலம் முடிந்த அன்று வீட்டில் விழாமல் வலை கோர்க்க உட்கார்ந்துவிடுகிறார். காலையில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தேவலை என்கிறார்.

இவ்வளவு செய்தும் சில மாதங்களில் வருகிறது. வந்தால் மருந்து. மருந்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம், நேரமும் எண்ணிக்கையும்.

வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். "பார்ப்போம், பொறுத்துப்போம்" என்று மதியம்வரை காத்திருந்தால் வயிற்றின் இயக்கம் மந்தமாகி, விழுங்கிய மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் கிடக்கும், வாந்தியும் வந்துவிடும். பாராசிட்டமால், இபுபுரோஃபென், நாப்ராக்சன் போன்றவை முதல் வரிசை. அதில் அடங்காதவர்களுக்குச் சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மாத்திரைகள் உண்டு. இதய நோய், பக்கவாதம் வந்தவர்களும், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டிரிப்டான் எடுக்கக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இபுபுரோஃபென் வகையைத் தாங்களாகப் போடக் கூடாது. நம் மருந்துக் கடைகளில் "மைக்ரேன் மாத்திரை" என்று கேட்டால் எடுத்துத் தருகிற சிலவற்றில் எர்காட்டமைனும் காஃபினும் கலந்திருக்கும். டிரிப்டான் போட்ட 24 மணி நேரத்துக்குள் எர்காட்டமைன் உள்ளதைப் போடக் கூடாது, இரண்டும் ரத்தக் குழாயைச் சுருக்குபவை. கர்ப்பிணிகள் எர்காட்டமைனைத் தொடவே கூடாது. அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டான், எர்காட்டமைன், கலவை மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். மாத்திரையின் வேகம் இறங்கும்போதெல்லாம் வலி வரும், அதற்கு இன்னொரு மாத்திரை. வார இறுதியில் மட்டும் வந்துகொண்டிருந்த தலைவலி வாரம் முழுக்கப் பரவிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். நாட்காட்டியில் தலைவலிக்கு வட்டம் என்றால் மாத்திரைக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள், மாதக் கடைசியில் எண்ணினால் போதும்.

எனக்கு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே மாதத்துக்கு எத்தனை நாள் என்பதுதான். மாதத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வலி வேலையை முடக்கினால், தினசரி எடுத்துக்கொள்ளும் தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டிய நேரம். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின் போன்றவை இங்கே பரவலாகத் தரப்படுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் ஆகாது. எல்லாமே பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும், பத்து நாளில் நிறுத்திவிட்டு "கேக்கல" என்று சொல்லக் கூடாது. வரப்போகிற நாள் தெரியும்போது முந்தைய இரவே ஒரு மாத்திரை போட்டுவிடலாமா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். மாதவிடாயோடு வருகிற ஒற்றைத் தலைவலிக்கு அப்படிச் சில நாட்கள் முன்கூட்டித் தருகிற முறை இருக்கிறது. வாரா வாரம் சனிக்கிழமை இரவு நாமாகவே அதைச் செய்யத் தொடங்கினால் மேலே சொன்ன எண்ணிக்கை எளிதில் ஏறிவிடும். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

இது உங்களுக்கு மட்டும் இருக்கிற வினோத நோய் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் அந்த நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கில், பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு முந்தைய ஓராண்டில் ஒற்றைத் தலைவலி இருந்திருக்கிறது. பாதிப்பு பெண்களிடம் கூடுதல். இவர்களில் பலர் விடுமுறை நாளில் இருட்டறையில் படுத்துக்கிடந்து, "லீவு போட்டாலே உனக்கு இப்படித்தான்" என்று பேச்சும் வாங்குகிறார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவழைக்கிறது. வேலை நாளில் நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தவர்தான் மறுநாள் படுத்திருக்கிறார்.

எல்லாத் தலைவலியையும் இந்தக் கணக்கில் போட்டுவிடவும் வேண்டாம். இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி, காய்ச்சலும் கழுத்து மடங்காத விறைப்பும் சேர்ந்த தலைவலி, கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, வலிப்பு வருவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வருவது, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது, இவற்றில் எது இருந்தாலும் ஓய்வின்மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது. கோரிமேடு ஜிப்மரோ, ஊருக்குள் இருக்கிற அரசுப் பொது மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே உடனே போய்விடுங்கள்.

மற்றபடி வார இறுதியில் வருகிற பழைய தலைவலிதான் என்றால், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு மாதம் நாட்காட்டியில் குறியுங்கள். வலி தொடங்கிய மணி, முந்தைய நாள் எந்த வேலை முடிந்தது, கடைசிக் காபி எப்போது, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், போட்ட மாத்திரை எது, இந்த ஐந்து மட்டும் போதும். அந்தத் தாள்களைக் கிழித்துக் கையோடு கொண்டுபோங்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்து அனுப்ப வேண்டிய கூட்டத்துக்கு நடுவிலும் மருத்துவர் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார்.